நலச்சங்க ஆண்டுப் பொதுக்குழு: தலைவரின் தொடக்க உரை

மடிப்பாக்கம், சென்னை. ஜூலை 2025

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு இவ்வளவு பேர் வந்திருப்பதைப் பார்க்க மனசு நிறைந்திருக்கிறது. வாசல் பக்கம் நிற்பவர்கள் உள்ளே வாருங்கள், முன்வரிசையில் நாற்காலி இருக்கிறது. இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கு நம் எல்லார் சார்பிலும் நன்றி.

இந்த ஓராண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

நன்றி, உட்காருங்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலாவது தெரு ஆசிரியர் ஐயாவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நாலு ஏரியும் வறண்டு, நாம் எல்லாரும் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோமே, அந்தச் சமயத்தில் அவர் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை, நுனியில் ஒரு கல்லைக் கட்டி, தன் வீட்டுக் கிணற்றில் மாதா மாதம் ஒன்றாம் தேதி இறக்குவார். எத்தனையாவது முடிச்சு வரைக்கும் கயிறு காய்ந்திருக்கிறதோ, அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அந்த நோட்டு இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அவர் போன பிறகும் அம்மா கயிற்றை இறக்கி எழுதிக்கொண்டுதான் வருகிறார். நம் பகுதியின் நிலத்தடி நீர் எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரே எழுத்துப்பூர்வமான ஆதாரம் அது. அம்மா, இந்தச் சங்கம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

சரி, ஆண்டு வேலைகளுக்கு வருகிறேன். வரவு செலவைப் பொருளாளர் விவரமாகச் சொல்வார். தணிக்கை முடிந்துவிட்டது. அந்த அறிக்கையின் நகலை நாற்காலியிலேயே வைத்திருக்கிறோம். தெருவிளக்கு, குப்பை வண்டி நேரம், நாய்களுக்குத் தடுப்பூசி ஆகியவை செயலாளர் அறிக்கையில் வரும். நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றி. நம் ஊரில் அது அதிகமானாலும் கஷ்டம், இல்லாமல் போனாலும் கஷ்டம்.

போன அக்டோபரை நினைத்துப் பாருங்கள். கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நம் தெரு வண்டிகளும் அதில் இருந்தன. மழை அன்றைக்கு நம்மை ஓரளவுக்கு விட்டுவிட்டது. அப்புறம் நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். அது புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தாலும் இங்கே விடாமல் கொட்டியது.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு ஆக்ஸிஜன் வேண்டும், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கரண்ட் போய், போனும் வேலை செய்யாமல், இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த முறை செப்டம்பரிலேயே தெருவுக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக நியமித்தோம். அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தார்கள். தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், மாடியில் யார் வீட்டில் அவர்களைத் தங்கவைக்கலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்தார்கள். ஃபெஞ்சல் சமயத்தில் ஆறாவது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறுவதற்கு முன்பே மூன்று குடும்பங்கள் மாடிக்குப் போய்விட்டன. யாரையும் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை. இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

அடுத்தது சம்ப் மூடி. போன வெள்ளத்தில் பல வீட்டு சம்பில் தெருத்தண்ணீர் இறங்கியதே, காரணம் என்ன? சம்ப் வாய் தரையோடு தரையாக இருக்கிறது. தண்ணீர் அரை அடி நின்றால் போதும், சாக்கடையும் சேர்ந்து உள்ளே போய்விடும். வாயைச் சுற்றி ஒரு அடிக்குச் செங்கல் கட்டி, சிமெண்ட் பூசி, ரப்பர் வைத்த மூடி போட்டால் பிரச்சினை தீர்ந்தது. நம் கொத்தனார் ஒருவரையே மொத்தமாகப் பேசி, இருபத்தெட்டு வீடுகளுக்கு இந்த வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறோம். அதில் ஒரு சம்பில்கூட ஃபெஞ்சலின்போது வெளித்தண்ணீர் இறங்கவில்லை. இன்னும் செய்யாதவர்கள் இன்றைக்கே பெயர் கொடுங்கள்.

மழைநீர் சேகரிப்பு. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் எல்லார் வீட்டிலும் குழாய் இருக்கிறது, குழியும் இருக்கிறது. அது வேலை செய்கிறதா? இந்த மே மாதம் இரண்டாவது தெருவில் ஒரு வீட்டுக் குழியைத் திறந்தோம். மேலே இருந்த ஜல்லி முழுக்கக் கறுப்புச் சேறு படிந்து, கை வைத்தால் களிமண் மாதிரி ஒட்டியது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் கவர், தென்னம்பாளை, உடைந்த ஓடு. குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். இறங்கவே இல்லை, நிரம்பி வழிந்து தெருவுக்கு ஓடியது. ஜல்லியை எடுத்துக் கழுவி, மணலை மாற்றி, திரும்பப் போட்டோம். இரண்டு ஆள், அரை நாள் வேலை. அப்புறம் ஊற்றிய வாளித் தண்ணீர் கண் முன்னாலேயே உள்ளே போனது.

கணக்கு சொல்கிறேன். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழும் தண்ணீர் மட்டும் சுமார் 1.3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் பத்து லாரிக்கு மேல். அதில் பாதியை நிலத்துக்குள் அனுப்பினால்கூட ஏப்ரல், மே மாதங்களில் லாரிக்குப் போன் போடுவது குறையும், மழைக்காலத்தில் தெருவில் சேரும் தண்ணீரும் குறையும். நம் பக்கத்தில் மேல்மண் களிமண்ணாக இருக்கும் வீடுகளில் மேலோட்டமான குழி போதாது. களியைத் தாண்டி மணல் தட்டும் வரைக்கும் தோண்டி உறை இறக்க வேண்டும். பழைய கிணற்றைக் குப்பை கொட்டி மூட நினைப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், மூடாதீர்கள். மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சொத்து அது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. அதற்குள் நம் ஒன்பது தெருக்களிலும் எல்லா வீட்டுக் குழியையும் திறந்து பார்த்துச் சுத்தம் செய்துவிட வேண்டும். இதுதான் வரும் ஆண்டின் முதல் வேலை. ஆள் கூலியை மொத்தமாகப் பேசிவிட்டோம், ஜல்லியும் மணலும் சங்கக் கணக்கில் வரும். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் சாவியை யாரிடமாவது கொடுத்து ஏற்பாடு செய்துவிடுங்கள்.

நம் வீட்டைத் தாண்டியும் யோசிக்க வேண்டும். நம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் எல்லாம் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம் பக்கம் கடல். 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த சதுப்பு நிலம் அது. அங்கே ஒரு லாரி கட்டடக் குப்பை கொட்டினால், அந்த அளவுக்குத் தண்ணீர் நம் தெருவில் நிற்கும். நம்மில் யார் வீடு கட்டினாலும், இடித்தாலும், அந்தக் குப்பை எங்கே போகிறது என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். கேட்டால்தான் அவருக்குப் பயம் இருக்கும்.

இனி சொல்லப்போவதில் உங்களில் சிலருக்கு உடன்பாடு இருக்காது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நம் விதிப்படி வீட்டுச் சொந்தக்காரர் மட்டுமே உறுப்பினர். ஆனால் நம் தெருக்களில் பாதிக்குப் பாதி வாடகைக் குடும்பங்கள். ஃபெஞ்சல் சமயத்தில் பட்டியல் எடுத்த பொறுப்பாளர்களில் ஏழு பேர் வாடகைக்கு இருப்பவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் நனைந்துகொண்டே வடிகால் வாயில் அடைத்திருந்த குப்பையைக் கையால் அள்ளி எடுத்த இரண்டு தம்பிகளும் வாடகை வீட்டுப் பிள்ளைகள்தான். இன்றைக்கு அவர்கள் அதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஓட்டுப் போட முடியாது. தெருவில் தண்ணீர் ஏறும்போது பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தா ஏறுகிறது?

ஓராண்டுக்கு மேல் இங்கே குடியிருப்பவர்களை முழு உறுப்பினராகச் சேர்க்க விதியைத் திருத்தலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. "நாளைக்கு அவர்கள் எண்ணிக்கையில் அதிகமாகி, நம் சொத்து விஷயத்தில் முடிவெடுத்துவிடுவார்கள்" என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். அதனால்தான் சங்கத்தின் நிலம், கட்டடம், அதற்கான சிறப்பு வசூல் சம்பந்தப்பட்ட தீர்மானங்களில் சொந்தக்காரர்களுக்கு மட்டுமே ஓட்டு என்று வரைவிலேயே எழுதியிருக்கிறோம். மற்றதில் எல்லாரும் சமம். விதித் திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், பிறகு பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் இன்றைக்கு ஓட்டெடுப்பு இல்லை, விவாதம் மட்டும். வரைவை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். எதிர்ப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள், செயற்குழு ஒவ்வொன்றுக்கும் பதில் தரும். முறையான அறிவிப்போடு தனிக் கூட்டம் போட்டு முடிவெடுப்போம். என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. இந்தத் திருத்தம் நிறைவேற வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

சந்தா விஷயம் ஒன்று. ஆண்டுக்கு 600 ரூபாயை இந்த ஆண்டும் உயர்த்தவில்லை. பாக்கி வைத்திருப்பவர்கள் மதிய சாப்பாட்டுக்கு முன் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மழைநீர்க் குழிக்குப் பெயர் கொடுக்கும் நோட்டும் அதே மேசையில் இருக்கிறது. தெரு வாரியாகப் பக்கம் பிரித்து வைத்திருக்கிறோம்.

பட்டியல் எடுத்த பொறுப்பாளர்கள் பதினெட்டு பேரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். நன்றி. இப்போது போன ஆண்டுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைச் செயலாளர் வாசிப்பார், அதை அடுத்துப் பொருளாளர் வரவு செலவு அறிக்கையை முன்வைப்பார்.