இதயமும் ரத்த ஓட்டமும்: நாலு நோட்டு, பதிமூன்று அட்டை

விதி அட்டை (முதலில் சத்தமாகப் படிக்கவும்)
நோட்டுகள் நான்கு: நீலம், பச்சை, சிவப்பு, கறுப்பு. அட்டையின் தலையில் எந்த நோட்டு, எந்தப் பக்கம் என்று இருக்கிறது. தன் நோட்டு அட்டை கையில் வந்தால் அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுக்கவும். தன் நோட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. நோட்டுக்காரர் அந்தச் சுற்றில் தீர்ப்பு மட்டும் சொல்வார். இடப்பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும், அவர் நோட்டுக்காரர் என்றால் அவருக்கு அடுத்தவரை. 30 விநாடி. முழுப் பதிலுக்கு 2, துப்பு வாங்கினால் 1, 'தொடர்' கேள்விக்குத் தனியாக 1. நோட்டும் அட்டையும் முரண்பட்டால் அட்டையே செல்லும். நோட்டுக்காரர் அங்கேயே அடித்துத் திருத்த வேண்டும்.

அட்டை 1. நீலம், பக்கம் 3
கேள்வி: இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட ஏன் தடிமன்?
விடை: இடது உடல் முழுவதற்கும் தள்ளுகிறது, வலது நுரையீரலுக்கு மட்டும். சுருங்கும்போது இடதில் அழுத்தம் சுமார் 120 மி.மீ. பாதரசம், வலதில் 25 அளவுதான்.
பொறி: "அதிக ரத்தம் தள்ளுவதால்" என்றால் 0. இரண்டும் தள்ளும் அளவு ஒன்றே. இல்லாவிட்டால் நுரையீரலில் ரத்தம் தேங்கிவிடும். நீல நோட்டில் இப்படித்தான் எழுதியிருந்தது, இப்போது அடித்தாயிற்று.

அட்டை 2. பச்சை, பக்கம் 1
கேள்வி: வலது ஆரிக்கிளில் ஒரு சொட்டு ரத்தம் இருக்கிறது. அது பெருந்தமனிக்குப் போகும்வரை கடக்கும் எல்லாவற்றையும், வால்வுகள் உட்பட, வரிசையாகச் சொல்லவும். (இதற்கு மட்டும் 60 விநாடி.)
விடை: மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் அரைச்சந்திர வால்வு, நுரையீரல் தமனி, நுரையீரல் தந்துகிகள், நுரையீரல் சிரைகள், இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி அரைச்சந்திர வால்வு, பெருந்தமனி.
தீர்ப்பு: ஒன்று விட்டால் 1. வரிசை மாறினால் 0. மூவிதழையும் ஈரிதழையும் இடம் மாற்றிவிடுவதுதான் வழக்கமான சறுக்கல்.

அட்டை 3. நீலம், பக்கம் 5
கேள்வி: "தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம்." சரியா?
விடை: தவறு. இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம், நுரையீரல் சிரையில் நிறைந்தது.
தொடர்: கருவில் இந்த வரையறைக்குச் சாட்சி எது?
விடை: தொப்புள்கொடிச் சிரை. நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைக் கருவுக்குக் கொண்டுவருகிறது.

அட்டை 4. சிவப்பு, பக்கம் 2
கேள்வி: 'லப்', 'டப்' சத்தங்கள் எதனால்?
விடை: லப்: மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடுவது. டப்: அரைச்சந்திர வால்வுகள் மூடுவது. "இதயம் சுருங்குவதால் வரும் சத்தம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மதிப்பெண் இல்லை.

அட்டை 5. சிவப்பு, பக்கம் 4
கேள்வி: இதயச் சுழற்சி 0.8 விநாடி, ஒரு துடிப்பில் 70 மி.லி. நிமிடத்துக்கு எவ்வளவு வெளியேறும்?
துப்பு: 60 ஐ 0.8 ஆல் வகுக்கவும்.
விடை: 60 ÷ 0.8 = 75 துடிப்பு; 75 × 70 = 5250 மி.லி.
தகராறு: பச்சை நோட்டில் 72 துடிப்பு, 5040 மி.லி. என்று இருக்கிறது. இரண்டும் ஓய்வுநிலைச் சராசரிதான். ஆனால் 0.8 ஐக் கேள்வியில் கொடுத்துவிட்டு 72 ஐ எடுப்பது கணக்குப் பிழை.
தொடர்: துடிப்பு 100 ஆனால் சுழற்சி எவ்வளவு, எந்தப் பகுதி அதிகம் குறுகும்?
விடை: 0.6 விநாடி. ஓய்வுக் காலமே அதிகம் குறுகும். இடது வெண்ட்ரிக்கிளின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் கூடுதலாக 1.

அட்டை 6. கறுப்பு, பக்கம் 1
கேள்வி: எஸ்.ஏ. கணுவில் எழும் தூண்டல் ஏ.வி. கணுவில் சுமார் 0.1 விநாடி தாமதிக்கிறது. அந்தத் தாமதம் எதற்கு?
விடை: ஆரிக்கிள்கள் சுருங்கி முடித்து வெண்ட்ரிக்கிள்களை நிரப்ப அவகாசம். இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கினால் நிரப்ப முடியாது.

அட்டை 7. கறுப்பு, பக்கம் 2
கேள்வி: ஈ.சி.ஜி.யில் ஆரிக்கிள் பழைய நிலைக்குத் திரும்பும் மின்மாற்றம் எங்கே?
விடை: க்யூ.ஆர்.எஸ். அலைத்தொகுப்புக்குள் மறைந்துவிடுகிறது, தனி அலையாகத் தெரியாது. டி அலை என்பவர்களே அதிகம்; டி வெண்ட்ரிக்கிளுடையது.

அட்டை 8. பச்சை, பக்கம் 6
கேள்வி: கைப்பட்டையும் ஸ்டெதாஸ்கோப்பும் கொண்டு ரத்த அழுத்தம் பார்க்கும்போது 120/80 இல் 120 எந்தக் கணத்தில் படிக்கப்படுகிறது, 80 எப்போது?
விடை: காற்றை மெல்ல இறக்கும்போது முதல் தட்டல் கேட்கும் புள்ளி 120. சத்தம் முற்றிலும் மறையும் புள்ளி 80.
தொடர்: உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் இரண்டு தவறுகள்?
விடை: கைக்குச் சிறிய பட்டை; இதய மட்டத்துக்குக் கீழே தொங்கும் கை. (ஒன்று சொன்னால் அரை. மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே அளவெடுப்பதையும் ஏற்கலாம்.)

அட்டை 9. சிவப்பு, பக்கம் 7
கேள்வி: பிளாஸ்மா, சீரம். ஒரே வரியில் வேறுபாடு?
விடை: பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜென் உண்டு, உறைந்தபின் மிஞ்சும் சீரத்தில் அது இல்லை.

அட்டை 10. பச்சை, பக்கம் 8
கேள்வி: உறைதலின் கடைசி இரு படிகள்? சிட்ரேட் கலந்த குழாயில் ரத்தம் ஏன் உறைவதில்லை?
விடை: புரோத்ராம்பின் திராம்பினாகிறது, திராம்பின் ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் இழைகளாக்குகிறது. சிட்ரேட் கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் இல்லாமல் திராம்பின் உருவாகாது.
பொறி: "சிட்ரேட் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்கிறது" என்பது விடை ஆகாது.

அட்டை 11. நீலம், பக்கம் 9
கேள்வி: சிவப்பணு கொடையில் ஓ நெகட்டிவ் எல்லோருக்கும் உதவும். பிளாஸ்மா கொடையில் எந்த வகை அப்படி?
விடை: ஏபி. அதன் பிளாஸ்மாவில் ஏ எதிர்ப்பொருளும் பி எதிர்ப்பொருளும் இல்லை. ஓ பிளாஸ்மாவில் இரண்டும் இருக்கின்றன. அதனால் அட்டவணை அப்படியே தலைகீழாகிறது. நீல நோட்டில் ஒரே அட்டவணைதான் இருக்கிறது. 'சிவப்பணு', 'பிளாஸ்மா' என்று இரண்டாகப் பிரித்து எழுதவும்.

அட்டை 12. கறுப்பு, பக்கம் 5
கேள்வி: தாய் ஆர்.எச். நெகட்டிவ், முதல் குழந்தை பாசிட்டிவ். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடுகிறது, அடுத்த பாசிட்டிவ் குழந்தைக்கு ஆபத்து. ஏன்?
விடை: குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் கலக்கிறது, எதிர்ப்பொருள் உருவாகும்போது முதல் குழந்தை பிறந்துவிட்டிருக்கும். அடுத்த கர்ப்பத்தில் அந்த ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் சிவப்பணுக்களை அழிக்கிறது.
தொடர்: ஏ, பி எதிர்ப்பொருள்கள் பொதுவாக ஏன் இப்படிச் செய்வதில்லை?
விடை: அவை பெரும்பாலும் ஐ.ஜி.எம்.; நஞ்சுக்கொடியைத் தாண்டாது.

அட்டை 13. சிவப்பு, பக்கம் 10
கேள்வி: வில்லியம் ஹார்வி 1628 இல் ரத்தம் சுற்றி வருகிறது என்று காட்டினார். அவர் கண்ணால் காணாத கண்ணி எது, யார் பார்த்தார்?
துப்பு: நுண்ணோக்கியும் தவளை நுரையீரலும்.
விடை: தந்துகிகள், மார்செல்லோ மால்பீகி, 1661.
தொடர்: தந்துகியில் தொடங்கித் தந்துகியிலேயே முடியும் சிரை?
விடை: கல்லீரல் போர்ட்டல் சிரை. குடலிலிருந்து கல்லீரலுக்கு.