பினாங்கு மருத்துவமனை மாதிரிகளில் கிடைத்த கிளெப்சியெல்லா நிமோனியேயில் கார்பபெனிம் எதிர்ப்பு மரபணுக்கள்

ஆய்வுச் சுருக்கம்

கார்பபெனிம் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அசையாத கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியா, தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பெருந்தலைவலி. பினாங்கிலுள்ள ஒரு மருத்துவமனையில் இரத்தம், சிறுநீர், புண்சீழ், மூச்சுக்குழாய்ச் சுரப்பு ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த 48 தனியன்களை ஆராய்ந்தோம். ஒரு நோயாளிக்கு ஒன்று மட்டுமே சேர்த்தோம். தட்டுப் பரவல் முறையில் மருந்து உணர்திறனையும், பிசிஆர் முறையில் மரபணுக்களையும் சோதித்தோம்.

29 தனியன்களில் செஃபலோஸ்போரின் எதிர்ப்பைத் தரும் blaCTX-M மரபணு இருந்தது, இது எதிர்பார்த்ததே. கார்பபெனிமைச் சிதைக்கும் நொதியான கார்பபெனிமேஸுக்குரிய மரபணு 11-இல் கிடைத்தது: 6-இல் blaNDM, 4-இல் blaOXA-48, ஒன்றில் இரண்டும். எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தவை வேறு. blaOXA-48 மட்டும் கொண்ட நான்கில் இரண்டு, கார்பபெனிம் வகை மருந்தான மெரோபெனிம் தட்டைச் சுற்றி உணர்திறன் வரம்புக்குள்ளேயே தெளிவளையம் காட்டின. டிஎன்ஏவைப் புதிதாகப் பிரித்து மறுமுறை ஓட்டியபோதும் ஜெல்லில் அதே பட்டை வந்தது. மறுபுறம், அதே வகை மருந்தான எர்டாபெனிமை எதிர்த்த இரண்டில் தேடிய கார்பபெனிமேஸ் மரபணு எதுவுமில்லை, blaCTX-M மட்டுமே இருந்தது. மருந்து உள்ளே நுழையும் வழியான புறச்சவ்வுப் போரின் புரதத்தின் இழப்பு காரணமாகலாம், ஆனால் அதை நாங்கள் சோதிக்கவில்லை.

தட்டுச் சோதனையை மட்டும் நம்பினால் blaOXA-48 கண்ணில் படாமல் நழுவக்கூடும். ஒரே மருத்துவமனையின் மாதிரிகள் என்பதால் இவ்விகிதங்களை மாநிலம் முழுமைக்கும் பொருத்த முடியாது.

முக்கியச் சொற்கள்: கார்பபெனிமேஸ், கிளெப்சியெல்லா, பிசிஆர், பினாங்கு