உலர்த்தி நின்ற மூன்று மணித்தியாலங்களின் செலவுக் கணக்கு

தோட்ட முகாமையாளர் அவர்களுக்கு,

மே 12ஆம் திகதி விசிறியின் பேரிங் உடைந்ததால் எமது தேயிலை உலர்த்தி காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை நின்றது. பழுது பார்க்க எடுத்த 2 மணி 15 நிமிடத்துடன், அடுப்பை மீண்டும் சூடேற்றிய 45 நிமிடத்தையும் சேர்த்தே மூன்று மணித்தியாலம் எனக் கொண்டுள்ளேன். உதிரிப்பாகச் செலவு இதில் இல்லை.

உலர்த்திப் பிரிவில் இருந்த 18 பேரில் நால்வரை வாட்டும் தொட்டிகளைக் கழுவ அனுப்பினோம். எனவே வீண் கூலி 14 பேருக்கு மட்டுமே உரியது. மணிக்கு 200 ரூபாய்க் கூலியுடன் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் சேர, ஆளுக்கு 230 ரூபாய் வீதம் மணிக்கு 3,220 ரூபாய் ஆகிறது.

உலர்த்தி மணிக்கு 240 கிலோ தேயிலை தருகிறது. 1,200 ரூபாய் விற்பனை விலையில் கொழுந்துக்கு 884, விறகு, மின்சாரம், பொதியிடல், தரகு ஆகியவற்றுக்கு 140, நேரடிக் கூலிக்கு 17 எனக் கழித்தால், கிலோவுக்குப் பங்களிப்பு 159 ரூபாய். மணிக்கு 38,160 ரூபாய். இங்கே கூலியைக் கழித்திருப்பதால்தான் வீண் கூலியைத் தனியாகக் கூட்டுகிறேன்; கழிக்காமல் கூட்டியிருந்தால் ஒரே பணம் இருமுறை எண்ணப்பட்டிருக்கும். மிஞ்சிய கொழுந்தை அயல் தொழிற்சாலைக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டதால் அதன் விலை நட்டத்தில் சேரவில்லை.

என்னை மிகவும் வருத்துவது அடுத்த செலவு. அரைத்து நொதிக்க வைத்திருந்த தூள் உலர்த்திக்காகக் காத்திருக்காது. அளவு மீறி நொதித்த அந்தத் தூளிலிருந்து கிடைத்த 180 கிலோ தேயிலை, கிலோவுக்கு 350 ரூபாய் குறைவாகவே போகும் என மதிப்பிட்டால், இழப்பு 63,000 ரூபாய். அடுப்பை மீண்டும் சூடேற்றிய விறகுக்கு 3,500 ரூபாய். ஆக மீளத்தொடங்கும் செலவு 66,500 ரூபாய். நிற்பு நீண்டாலும் குறுகினாலும் இதில் பெரிய மாற்றம் இராது.

வீண் கூலியும் இழந்த பங்களிப்பும் சேர மணிக்கு 41,380 வீதம் மூன்று மணிக்கு 124,140. அதனுடன் 66,500 சேர, மொத்தம் 190,640 ரூபாய், அதாவது மணிக்கு ஏறத்தாழ 63,547 ரூபாய். ஒரே ஒரு மணித்தியாலம் நின்றிருந்தால் அந்த மணியின் செலவு 107,880 ஆகவும், ஆறு மணித்தியாலம் நின்றிருந்தால் மணிக்கு 52,463 ஆகவும் இருந்திருக்கும். ஆகவே அடிக்கடி நேரும் சிறு நிற்புகளை அற்பமெனத் தள்ளிவிட முடியாது.

கொழுந்து குறைந்த மாதங்களில் இக்கணக்கு பொருந்தாது. அப்போது இழந்த உற்பத்தியை மாலையில் ஈடுசெய்யலாம் என்பதால், வீண் கூலிக்கும் இழந்த பங்களிப்புக்கும் பதிலாக, 18 பேருக்கு ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கூலியாக மணிக்கு 5,400 ரூபாயையே சேர்க்க வேண்டும்.

விசிறிக்கான மாற்றுப் பேரிங் ஒரு சோடி 28,000 ரூபாய். அதை எப்போதும் களஞ்சியத்தில் வைத்திருக்க இவ்வாரமே அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொழிற்சாலை அதிகாரி
மே 14