தங்கச்சி கல்யாணக் கணக்கு: போட்டதும் போனதும்

அம்மா, பெரியண்ணா, அக்கா, மாமா எல்லாருக்கும். ஆளுக்காள் போனில் கேட்டுக்கொண்டிருப்பதால் ஒரே தாளில் போட்டுவிட்டேன், இனி இதுதான் கணக்கு. "போட்டது" என்பது 2025 தை மாதம் முன்வீட்டில் இருந்து எல்லாருமாகச் சேர்ந்து ஒத்துக்கொண்ட தொகை, அதில் ஒரு சதமும் நான் பிறகு மாற்றவில்லை. "போனது" என்பது பில்லில் உள்ள முழுத்தொகை, இன்னும் கொடுக்காமல் பாக்கி இருப்பதும் அதற்குள் அடங்கும். கையால் கொடுத்த காசை மட்டும் எழுதினால் கணக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த மாதம் சாப்பாட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார்.

வித்தியாசம் எல்லா வரியிலும் போனதில் இருந்து போட்டதைக் கழித்தது. + என்றால் கூடப்போனது, − என்றால் மிச்சம். சீட்டில் பார்க்கிறவர்களுக்கு:

```
D4: =C4-B4
E4: =D4/B4
```

அ. கல்யாணச் செலவு (ரூபாவில்)

| இனம் | போட்டது | போனது | வித்தியாசம் | % |
|---|---:|---:|---:|---:|
| மண்டபம் | 250,000 | 324,500 | +74,500 | +29.8 |
| சாப்பாடு | 742,500 | 925,600 | +183,100 | +24.7 |
| மணவறை, பூ | 280,000 | 295,000 | +15,000 | +5.4 |
| மேளம் | 120,000 | 165,000 | +45,000 | +37.5 |
| ஐயர் தட்சணை, ஓமச் சாமான் | 75,000 | 78,500 | +3,500 | +4.7 |
| படம், வீடியோ, அல்பம் | 350,000 | 350,000 | 0 | 0 |
| உடுப்பு, கொடுத்த சேலைகள் | 300,000 | 341,000 | +41,000 | +13.7 |
| பொம்பிளை அலங்காரம் | 85,000 | 95,000 | +10,000 | +11.8 |
| கல்யாண அட்டை | 60,000 | 38,000 | −22,000 | −36.7 |
| வான், பஸ் | 90,000 | 127,000 | +37,000 | +41.1 |
| வந்தவர்கள் தங்கிய அறை | 160,000 | 252,000 | +92,000 | +57.5 |
| பலகாரம் | 110,000 | 46,000 | −64,000 | −58.2 |
| வீட்டுப் பந்தல், லைட், ஜெனரேட்டர் | 95,000 | 82,000 | −13,000 | −13.7 |
| கன்னிக்கால், முதல்நாள் வீட்டுச் சாப்பாடு | 70,000 | 118,500 | +48,500 | +69.3 |
| பத்திரகாளி அம்மன், கோணேசர் கோயில் | 25,000 | 25,000 | 0 | 0 |
| பதிவு | 15,000 | 12,000 | −3,000 | −20.0 |
| சில்லறை | 60,000 | 83,900 | +23,900 | +39.8 |
| மொத்தம் | 2,887,500 | 3,359,000 | +471,500 | +16.3 |

ஆ. நகை (தனியாக)

| இனம் | போட்டது | போனது | வித்தியாசம் | % |
|---|---:|---:|---:|---:|
| 8 பவுன் | 1,624,000 | 1,834,000 | +210,000 | +12.9 |
| செய்கூலி | 96,000 | 104,000 | +8,000 | +8.3 |
| மொத்தம் | 1,720,000 | 1,938,000 | +218,000 | +12.7 |

அ, ஆ இரண்டும் சேர்ந்தால் போட்டது 4,607,500, போனது 5,297,000. கூடப்போனது 689,500, அதாவது 15 வீதம்.

நகையைத் தனியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சாப்பாடு சாப்பிட்டதோடு முடிந்தது, பூ அடுத்த நாள் காலையிலேயே வாடிவிட்டது, ஆனால் 8 பவுனும் தங்கச்சியிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரியில் கூட்டி "கல்யாணத்துக்கு 53 இலட்சம் கரைந்துவிட்டது" என்று ஊருக்குச் சொல்வது சரியில்லை. தை மாதம் பவுன் 203,000 என்று வைத்துத்தான் போட்டோம். அப்போதே 3 பவுன் எடுத்ததால் அது 609,000 இல் முடிந்தது. மிச்சம் 5 பவுனையும் "விலை இறங்கும், இறங்கும்" என்று ஆடி வரை இழுத்து 245,000 க்கு எடுத்தோம், 1,225,000. இந்த 210,000 முழுக்க விலை ஏறியதால் வந்தது, ஒரு குண்டுமணிகூடக் கூட எடுக்கவில்லை. தாலிக்கொடியும் கூறையும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு, இந்தக் கணக்கில் இல்லை.

இனிச் சாப்பாடு. எல்லாரும் விரல் நீட்டுவது இந்த வரியைத்தான், அதனால் பிரித்துக் காட்டுகிறேன்.

| சாப்பாடு | பேர் | ஒரு ஆளுக்கு | தொகை |
|---|---:|---:|---:|
| போட்டது | 450 | 1,650 | 742,500 |
| போனது | 520 | 1,780 | 925,600 |
| ஆள் கூடியதால் (70 × 1,650) | | | +115,500 |
| விலை கூடியதால் (520 × 130) | | | +67,600 |

சாப்பாட்டுக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மாமா சொன்னார். அப்படி இல்லை மாமா. அவர் கொண்டுவந்த தட்டு 540, பந்தி முடிந்ததும் தொடாத தட்டு 20 ஐ மச்சான் பக்கத்தில் நின்று எண்ணி, பில்லின் பின்பக்கத்தில் இருவரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். விலையில் கூடின 130 இல் 80 ரூபா இரண்டாவது பாயசத்துக்கு, அதைக் கேட்டது நாங்கள். 50 ரூபாதான் தேங்காய் விலைக்கென்று அவர் கூட்டியது, தேங்காய் என்ன விலை விற்றது என்று வீட்டில் சம்பல் அரைக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆள் கூடியது மாப்பிள்ளை வீட்டாரால் என்ற கதையும் ஓடுகிறது. அவர்கள் 180 என்று சொல்லி 231 பேர் வந்தார்கள், உண்மைதான், தம்பலகாமத்தில் இருந்து பஸ் வந்து நின்றபோது எனக்கும் நெஞ்சு திக்கென்றது. ஆனால் நாங்களும் 270 என்று போட்டு 289 பேர் ஆனோம். 51 க்கு முகம் சுளித்தால் 19 க்கும் சுளிக்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு வந்த சனத்தைக் கணக்குக் கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கமும் இல்லை, இந்தப் பேச்சு தங்கச்சியின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபம்தான் எனக்கு எரிச்சல் தந்த வரி. வாடகை 250,000 என்று வாயால் சொன்னார்கள், தாளிலும் அதுதான், கீழே சின்ன எழுத்தில் "வரிகள் நீங்கலாக". சேவைக் கட்டணம் 10 வீதம் ஏறி 275,000. அதற்கு மேல் வற் 18 வீதம், 49,500. இரண்டையும் கூட்டி 28 வீதம் என்று நினைக்கக்கூடாது, சேவைக் கட்டணத்துக்கும் வற் விழுவதால் 29.8 ஆகிறது. இனி வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதல் கேள்வி "கடைசியில் கையில் எவ்வளவு தரவேண்டும்" என்பதாக இருக்கட்டும்.

அறை: 16 அறை-இரவு, ஒன்று 10,000 என்று போட்டோம். போனது 18, ஒன்று 14,000. ஆவணியில் உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைந்திருக்கும் காலம். தெற்கிலும் மேற்கிலும் மழையும் அலையுமாக இருக்கும்போது எங்கள் கடல் குளம் போலக் கிடக்கும், அதனால் எல்லாரும் இங்கேதான் வருவார்கள். விலையால் 72,000, இரண்டு இரவு கூடியதால் 20,000. முகூர்த்தத்தைத் தை மாதத்துக்கு வைத்திருந்தால் அறை மலிவு, ஆனால் மழையில் பந்தல் மிதந்திருக்கும்.

மேளம் உள்ளூரில் கிடைக்கவில்லை. ஆவணி முகூர்த்தம் என்றால் எல்லாரும் முன்பே பிடித்துவிடுகிறார்கள், யாழ்ப்பாணத்தில் இருந்து கூப்பிட்டதால் வான் கூலியும் தங்கும் செலவும் அதற்குள். 45,000 கூடப்போனாலும் அந்தத் தவில்காரருக்குக் கொடுத்தது தகும், தாலி கட்டும் நேரம் ரோட்டில் போனவர்களும் நின்று பார்த்தார்கள்.

வான் வரியில் கூடின 37,000 கட்டுநாயக்காவுக்கு ஒரு தடவை கூடப் போனதற்கு. அண்ணாவும் அக்காவும் ஒரே நாளில் இறங்கினால் ஒரு வான் போதும் என்று போட்டிருந்தோம். அக்கா, டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டீர்கள், அந்த மலிவு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

மிச்சம் காட்டும் வரிகளையும் அப்படியே நம்பவேண்டாம். பலகாரம் கடையில் 110,000 க்கு ஓடர் கொடுப்பதாக இருந்தது. பிறகு சித்தியும் மாமிமாரும் வீட்டிலேயே பலகாரச் சூடு வைத்து அரியதரம், பயித்தம் பணியாரம், முறுக்கு, சிப்பி எல்லாம் சுட்டார்கள். 46,000 மாவுக்கும் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் காஸுக்கும் போனது, அவர்களின் கைக்கூலி இதில் இல்லை. அப்புறம் ஆறு பேருக்கும் 4,500 ரூபாய்ச் சேலை எடுத்துக் கொடுத்தோமே, அந்த 27,000 உடுப்பு வரியில் இருக்கிறது. முதல்நாள் வீட்டுச் சாப்பாட்டில் கூடின 48,500 இலும் பாதிக்கு மேல் பலகாரச் சூட்டுக்கு வந்தவர்களின் தேத்தண்ணியும் பகல் சாப்பாடும்தான். ஆக 64,000 மிச்சம் என்பது பெயருக்கு, உண்மையில் கையில் நின்றது பத்தாயிரத்துச் சொச்சம். ஆனால் கடைப் பலகாரத்தில் அந்த ருசி வருமா என்று அம்மா கேட்பா, வராது.

பந்தலில் 13,000 மிச்சம் கச்சான் காற்றின் புண்ணியம். மேல்துணி முழுக்கக் கட்டினால் பிய்த்துக்கொண்டு போகும் என்று பந்தல்காரரே ஒரு பக்கத்தைக் குறைத்தார். அட்டை 250 மட்டும் அடித்தோம், மற்றவர்களுக்கு வட்ஸ்அப். சில்லறையில் 83,900 க்கும் துண்டு இருக்கிறது, கற்பூரம், ஐஸ், தண்ணீர்ப் போத்தல், கடைசி நேர ஓட்டோ, இதற்கு மேல் விளக்கம் சொல்ல என்னால் முடியாது.

இ. காசு வந்த வழி

| யார் | தொகை |
|---|---:|
| பெரியண்ணா | 2,000,000 |
| அம்மாவின் வைப்புப் பணம் | 1,200,000 |
| அக்கா | 900,000 |
| நான் | 707,500 |
| கையில் இருந்தது | 4,807,500 |
| மாமாவின் கைமாற்று | 300,000 |
| இன்னும் கொடுக்க வேண்டியது | 189,500 |
| மொத்தம் | 5,297,000 |

கையில் இருந்ததில் 200,000 அவசரத்துக்கென்று தனியாக ஒதுக்கியது, அதை எந்த வரியிலும் சேர்க்காமல் வைத்ததால்தான் எங்கே எவ்வளவு ஓடியது என்று இப்போது தெரிகிறது. அது தீர்ந்து, அதற்கு மேலும் 489,500 தேவைப்பட்டது.

மொய்க் காசு ஏன் இதில் இல்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அது தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் வந்தது. உறைகளைப் பிரித்து யார் எவ்வளவு என்று எழுதிய கொப்பி அவர்களிடம்தான் இருக்கிறது, நாளைக்குத் திருப்பிச் செய்யப்போகிறவர்களும் அவர்கள்தான். அந்தக் காசில் மண்டபத்து வற்றைக் கட்டுவது எனக்குச் சம்மதம் இல்லை.

பாக்கி 189,500 இல் 100,000 அல்பம் கைக்கு வந்ததும் படக்காரருக்கு. அட்டைப்படத் தெரிவு இன்னும் தங்கச்சி அனுப்பவில்லை. 89,500 சாப்பாட்டுக்காரருக்கு இந்த மாதச் சம்பளத்தில் நான் கொடுக்கிறேன். மாமாவின் 300,000 ஐ அண்ணா, அக்கா, நான் ஆளுக்கு 100,000 என்று பிரிக்கலாம் என நினைக்கிறேன், தைப்பொங்கலுக்கு முன் முடித்துவிட வேண்டும், மாமா வாய் திறந்து கேட்கமாட்டார். யாருக்காவது அது கஷ்டம் என்றால் எல்லாருக்கும் முன்னால் சொல்லாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். பில் எல்லாம் அம்மாவின் அலுமாரியில் பச்சைக் கோப்பில் இருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் படம் கேட்டால் எடுத்து அனுப்புகிறேன்.