நேரடி நெல் கொள்முதல் நிலையம்: ஒரு பக்க விரைவுக் குறிப்பு அட்டை

மன்னார்குடி வட்டாரம், சம்பா – தாளடி அறுவடை, 2026 தை

எங்கள் ஊர் உழவர் குழு குறுவை அறுவடையின்போது 38 கேள்வி – பதில்களாகத் தொகுத்து வழங்கிய கையேட்டின் சுருக்கம் இது. களத்தில் நிற்பவருக்குக் கையேட்டைப் புரட்ட நேரமிருக்காது என்பதால், ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகளை ஒரு தலைப்பின் கீழ் இணைத்து, விடையை மட்டும் கொடுத்திருக்கிறோம். தலைப்பை அடுத்துள்ள எண்கள் கையேட்டின் கேள்வி எண்கள். காரணமும் விளக்கமும் வேண்டுவோர் அங்கே பார்க்கலாம். நிலையத்திலிருந்து திரும்பி வரும் நெல்லில் பெரும்பகுதி ஈரத்தால் திரும்புவதால், கையேட்டில் நடுவில் இருந்த அந்தப் பகுதியை இங்கே முதலில் வைத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் அதைப் படியுங்கள்.

ஈரப்பதம் (கேள்வி 11–19)

வரம்பு 17 விழுக்காடு. மழை ஆண்டுகளில் ஒன்றிய அரசு இதைத் தளர்த்தியதுண்டு. 2023 பிப்ரவரியில் டெல்டா நெல்லுக்கு 20 விழுக்காடு வரை ஏற்கப்பட்டது. ஆனால் தளர்வு என்பது ஆணையாக வந்து நிலையத்தில் ஒட்டப்பட்ட பிறகே செல்லும். வரும் என்ற பேச்சை நம்பி ஈர நெல்லை ஏற்றிச் செல்ல வேண்டாம்.

ஈரத்தைக் குறைக்கும் வேலை வயலிலேயே தொடங்குகிறது. கதிரில் நூற்றுக்கு எண்பது மணிகள் வைக்கோல் நிறமடைந்த பிறகு அறுக்கவும். அறுப்பதற்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்பே தண்ணீரை வடித்துவிடவும். இயந்திரத்தில் அறுத்த நெல்லைத் தொட்டியிலிருந்து கொட்டியவாறே அம்பாரமாக விட்டால் உள்ளே சூடேறி மணி பழுப்பாகும் என்பதால், அன்றே பரப்பிவிட வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறிக் கொடுக்கவும். தை மாதப் பனி ஒரே இரவில் பகல் முழுவதும் காய்ந்ததைக் கெடுத்துவிடும். பொழுது சாயும் முன் குவித்துத் தார்ப்பாய் போட்டு, காலையில் பனி விலகித் தரை காய்ந்த பிறகே மீண்டும் திறக்கவும். சாலையில் காயவைப்பதைத் தவிர்க்கவும்: கல்லும் மண்ணும் சேர்வது ஒருபுறம் இருக்க, இரவில் இருசக்கர வண்டியில் வருபவரின் உயிர் அந்தக் குவியலைவிடப் பெரிது.

பல்லில் கடித்துப் பார்ப்பது ஒரு மதிப்பீடே தவிர அளவு ஆகாது. ஏற்றுவதற்கு முன் அம்பாரத்தின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் எடுத்துக் கலந்த ஒரு படி நெல்லை நிலையத்துக்கு எடுத்துச் சென்று ஈரமானியில் பார்த்துவரவும். மேல் நெல்லை மட்டும் எடுத்துப் போனால் அங்கே சரியாகக் காட்டும். வண்டி போன பிறகு அடி நெல் காட்டிக்கொடுக்கும். கருவி காட்டும் எண்ணை நீங்களே பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

காயவைத்தால் எடை போகிறதே என்ற கேள்வி எல்லோரிடமும் இருப்பதால் அதன் கணக்கை இங்கேயே தருகிறோம். 20 விழுக்காட்டில் இருந்த 40 கிலோ நெல் 17-க்கு வரும்போது ஏறத்தாழ 1.45 கிலோ குறையும்; 22-இலிருந்து வந்தால் 2.4 கிலோ குறையும். பொது ரக விலையில் இது முறையே 36 ரூபாயும் 60 ரூபாயும் ஆகும். திருப்பி அனுப்பப்பட்ட வண்டியின் வாடகையும் ஏற்றி இறக்கும் கூலியும் இதைவிட அதிகம். அதேநேரம் 17-லிருந்து 14 வரை காயவிட்டால் மேலும் 1.4 கிலோ வீணாகக் குறையும். விற்பனைக்கான நெல்லை 16 அளவில் நிறுத்துங்கள். வீட்டுக்கும் விதைக்கும் வைப்பதை மட்டும் அதற்கு மேலும் காயவிடலாம்.

அறுக்கும் முன்: ஆவணமும் பதிவும் (கேள்வி 1–8)

ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், சிட்டா, நடப்புப் பருவத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் ஆகிய நான்கும் வேண்டும். சிட்டாவை eservices.tn.gov.in தளத்தில் எடுக்கலாம், முன்பதிவை tncsc-edpc.in தளத்தில் செய்யலாம். பெயர் எழுத்து நான்கு ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடவும். தலைப்பெழுத்து மாறியிருப்பதே பதிவு நின்றுபோகப் பெரிய காரணம்.

குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்பவர்கள், குறிப்பாகக் கோயில், மடத்து நிலங்களில் சாகுபடி செய்பவர்கள், அடங்கலில் சாகுபடியாளர் என்ற இடத்தில் தங்கள் பெயர் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நில உடைமையாளரின் கணக்கில் பணம் போய்விட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. பதிவில் கொடுக்கும் கைபேசி எண் உங்கள் கையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும், ஏனெனில் வரிசையும் தேதியும் குறுஞ்செய்தியாகத்தான் வரும்.

ரகமும் விலையும் (கேள்வி 9, 10, 29)

2025 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய 2025–26 கொள்முதல் பருவத்தில், மாநில ஊக்கத்தொகை உட்பட, குவிண்டாலுக்குக் கிடைக்கும் விலை:

| | ஒன்றிய அரசின் ஆதரவு விலை | மாநில ஊக்கத்தொகை | மொத்தம் | 40 கிலோ சிப்பத்துக்கு |
|---|---|---|---|---|
| பொது ரகம் | ரூ. 2,369 | ரூ. 131 | ரூ. 2,500 | ரூ. 1,000 |
| சன்ன ரகம் | ரூ. 2,389 | ரூ. 156 | ரூ. 2,545 | ரூ. 1,018 |

சி.ஆர். 1009 போன்ற மோட்டா நெல் பொது ரகத்திலும், பி.பி.டி. 5204, வெள்ளைப் பொன்னி போன்றவை சன்னத்திலும் சேரும். இரண்டையும் ஒரே அம்பாரத்தில் கலக்க வேண்டாம். வெளி வியாபாரி 60 கிலோ மூட்டைக்கு விலை சொன்னால், பொது ரகத்துக்கு 1,500 ரூபாய், சன்னத்துக்கு 1,527 ரூபாய் என்ற எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தூய்மை (கேள்வி 20–23)

மண், கல் 1 விழுக்காடு வரையிலும், வைக்கோல் துரும்பு, களை விதை 1 விழுக்காடு வரையிலும், சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த, வண்டு தின்ற மணிகள் 5 விழுக்காடு வரையிலும், கருக்காயும் முற்றாத மணியும் 3 விழுக்காடு வரையிலும், தாழ்ந்த ரகக் கலப்பு 6 விழுக்காடு வரையிலும் ஏற்கப்படும். கையால் மதிப்பிட எளிதாகச் சொன்னால், 40 கிலோவில் மண் 400 கிராமையும் கருக்காய் 1.2 கிலோவையும் தாண்டக் கூடாது. களத்திலேயே ஒருமுறை தூற்றிவிட்டு வந்தால் நிலையத்தின் தூற்றும் இயந்திரத்துக்கு முன்னால் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும்.

எடை (கேள்வி 24–26)

ஒரு சிப்பத்தில் நெல் 40 கிலோ, சாக்கு 580 கிராம், தராசு 40.580 காட்ட வேண்டும். எடை போடும்போது அருகில் நின்று, சிப்ப எண்ணிக்கையைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும். சாக்கைத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமே தருகிறது. சுமைதூக்கும் தொழிலாளர்களின் கூலியையும் கழகமே தருகிறது. அவர்களுடைய உழைப்பு கடினமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிப்பத்துக்கு இவ்வளவு என்று உழவர் கொடுக்க வேண்டிய கட்டணம் எதுவும் விதியில் இல்லை.

பணம் (கேள்வி 27, 28)

பட்டியல் எழுத்தர் தரும் ரசீதில் ரகம், சிப்ப எண்ணிக்கை, தொகை, கணக்கு எண் ஆகிய நான்கையும் அங்கேயே சரிபார்த்த பிறகு நகரவும். தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் வரவாகும், ரொக்கம் கிடையாது. முழு அடையாளச் சான்று கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்கில் ஓர் ஆண்டின் மொத்த வரவு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. நூறு சிப்பத்திலேயே அந்த வரம்பு எட்டிவிடுவதால், அத்தகைய கணக்கு வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களும் முதியவர்களும், அறுவடைக்கு முன்பே வங்கிக்குச் சென்று சான்றுகளைக் கொடுத்துவிட வேண்டும்.

எதிர்பாராத மழை (கேள்வி 30–32)

பயிர்க் காப்பீடு செய்திருந்தால், அறுத்து வயலில் உலரப் பரப்பிய நெல் 14 நாட்களுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ சேதமடைந்தாலும் இழப்பீடு கோரலாம். 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும்; காப்பீட்டு ரசீதும் புல எண்ணும் கையில் இருக்கட்டும். நனைந்த நெல்லை அள்ளுவதற்கு முன் வயல் தெரியும்படி படம் எடுத்து வைக்கவும்.

குறை இருந்தால் (கேள்வி 33, 34)

முதலில் நிலையப் பலகையில் எழுதியுள்ள கழக மண்டல அலுவலக எண்ணுக்கும், பிறகு முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கும் அழைக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மனு தரலாம். தேதி, நிலையத்தின் பெயர், சிப்ப எண்ணிக்கை, ரசீது எண் ஆகியவை மனுவில் இருந்தால்தான் அது விசாரணைக்கு நிற்கும்.

வைக்கோல் விற்பனை, விதைநெல் ஒதுக்குதல், அறுவடை இயந்திர வாடகை, ஒழுங்குமுறை விற்பனைக் கூட ஏலம் ஆகிய நான்கும் (கேள்வி 35–38) நிலையத்தில் நிற்கும்போது தேவைப்படாதவை என்பதால் கையேட்டிலேயே விடப்பட்டுள்ளன. விலைகள் 2026 ஆகஸ்ட் 31 வரை பொருந்தும். புதிய பருவ விலை அறிவிக்கப்பட்டதும் இந்த அட்டையைக் கழற்றிவிட்டு மாற்று அட்டையைப் பெற்றுக்கொள்ளவும்.