மாலதி, நேரம் கிடைக்கும்போது படி

மாலதி,

பதில் போடணும்னு இல்ல. படிச்சா போதும்.

வியாழக்கிழமை அப்பாவ எடுக்கறதுக்கு முன்னாடி, "நேத்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா காப்பாத்தியிருக்கலாமே"ன்னு உன்கிட்ட கேட்டேன். உங்க பெரியத்தையும் உன் நாத்தனாரும் பக்கத்துலயே இருந்தாங்க. நீ ஒண்ணும் சொல்லாம எழுந்து உள்ள போயிட்டே. நான் பேசினது தப்பு. மன்னிச்சிடு. ஆதங்கத்துல வந்துடுச்சுன்னு சமாளிக்க மாட்டேன். பொணத்த வச்சிக்கிட்டு, பெத்த பொண்ணு மேல, நாலு பேர் காதுபட பழி போட்ட மாதிரிதான் அது.

முந்தின நாள் சாயங்காலமே நெஞ்சு எரிச்சல்னு நீ கிளினிக்குக் கூட்டிட்டுப் போனது, இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து அனுப்பினது எல்லாம் அப்புறம் உன் தம்பி சொன்னான். மாரடைப்பு வர்ற சில பேருக்கு முதல் இ.சி.ஜி. சரியாத்தான் காட்டும். நல்லா இருக்காருன்னு சொன்னப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டு வராம நீ வேற என்ன பண்ணியிருப்பே?

பெரியத்தைக்கு நேத்து போன் பண்ணி, விவரம் தெரியாம நான்தான் தப்பா பேசிட்டேன், மாலதி அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிட்டான்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல உங்க வீட்டு விஷயம் எதுவும் பேசல. நாத்தனார்கிட்டயும் சொல்லணும்னா சொல்லு, சொல்றேன். நீ வேணாம்னா விட்டுடறேன்.

இன்னொரு வேலை இருக்கு. அப்பா வீட்டுலயே போனதால ஆஸ்பத்திரிலேர்ந்து பதிவு ஆகாது, நாமதான் மாநகராட்சில எழுதிக் குடுக்கணும். 21 நாளுக்குள்ள குடுத்துட்டா அபராதம் கெடையாது. தாண்டினா அலைச்சல். கருமாதி வேலையில இது மறந்துதான் போகும், எல்லா வீட்டுலயும் அப்படித்தான். அப்பா ஆதார், தம்பி ஆதார், மயானத்துல குடுத்த ரசீது, மூணையும் எடுத்து வைங்க. பேர மட்டும் பார்த்து எழுதணும். ஆதார்ல 'கோவிந்தசாமி', பென்ஷன் புத்தகத்துல 'கோவிந்தசாமி ப.'ன்னு ஆளுக்கொரு மாதிரி இருந்தா, நாளைக்கு வாரிசு சான்றிதழுக்கும் அம்மாவோட குடும்ப ஓய்வூதியத்துக்கும் அங்கதான் இடிக்கும். இனிஷியல், அம்மா பேரு, வீட்டு விலாசம் மூணையும் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒருதரம் படிச்சுடுங்க. உடனே திருத்தறது சுலபம்.

தம்பி வேலைக்குத் திரும்பிட்டான்னா நான் அவன்கூட போய் பாரம் நிரப்பிக் குடுக்கறேன். மஞ்சக்குப்பம் பக்கம் தினம் வர்றவதானே. இதுக்காக நீ என்கிட்ட பேசணும்னு இல்ல, அவன் பேசினா போதும்.

பதினாறாம் நாள் தேவனாம்பட்டினத்துக்கு நான் வரலாமா வேணாமான்னு நீ முடிவு பண்ணு. வேணாம்னா 'வேணாம்'னு ஒரு வார்த்தை தம்பிகிட்ட சொல்லி அனுப்பு, ஏன்னு கேக்க மாட்டேன். வரச்சொன்னா காலைல அஞ்சரைக்கு ஆட்டோ பிடிச்சு உங்க வீட்டுக்கு வந்துடறேன், அம்மாவ அதுலயே கூட்டிட்டுப் போயிடலாம். அவங்களால மணல்ல ரொம்ப தூரம் நடக்க முடியாது, ஆட்டோ கரை வரைக்கும் போகும்.

சுமதி