திருத்திய கட்டுரைத்தாளைப் படிக்கும் முறை: கயல்விழிக்கு ஒரு குறிப்பு

அன்புள்ள கயல்விழிக்கு,

‘வீராணம் ஏரி’ என்னும் தலைப்பில் நீ எழுதிய நான்கு பக்கக் கட்டுரையைத் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் வகுப்பில் மற்றவர்கள் பத்தாம் வகுப்பிலிருந்தே என் திருத்தத்துக்குப் பழகியவர்கள். நீ இந்த ஆண்டுதான் பதினோராம் வகுப்பில் வந்து சேர்ந்திருப்பதால், தாளில் உள்ள மூன்று நிறங்களும் ஓரத்தில் உள்ள சுருக்கக் குறிகளும் உனக்குப் புதிராக இருக்கும் என்பதற்காக இதை எழுதுகிறேன். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படி.

ஒவ்வொரு கட்டுரையையும் நான் மூன்று முறை படிக்கிறேன். முதல் முறை பென்சிலோடு, இரண்டாம் முறை பச்சை மையோடு, கடைசியாகச் சிவப்பு மையோடு. நீயும் அதே வரிசையில் படிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பில் முதன்மையான செய்தி. தாள் கைக்கு வந்தவுடன் கண் சிவப்பில்தான் போய் நிற்கும். அதையே முதலில் திருத்தத் தொடங்கினால் உழைப்பு வீணாகும். உன் தாளின் இரண்டாம் பக்கத்தில் சிதம்பரம் கோயிலைப் பற்றிய பத்தியைப் பார். அதில் சிவப்புக் குறிகள் ஐந்து இருக்கின்றன. ஆனால் அந்தப் பத்தி முழுவதற்கும் வெளியே பச்சையில் ஒரு நீண்ட கோடு இழுத்து ‘மற்.விரி’ என்று எழுதியிருக்கிறேன். பத்தியே கட்டுரையிலிருந்து போக வேண்டியது என்று அதற்குப் பொருள். போக வேண்டிய பத்தியில் ஒற்றுப் பிழையைத் திருத்துவதால் கட்டுரைக்குப் பயன் இல்லை.

பென்சிலில் இருப்பவை ஒரு வாசகராக எனக்குத் தோன்றியவை மட்டுமே. ஒரு சொல்லுக்குக் கீழே பென்சில் கோடும் பக்கத்தில் வேறொரு சொல்லும் இருந்தால், அந்தச் சொல் பொருத்தமாக இருக்குமோ என்று உன்னைக் கேட்கிறேன் என்று கொள்ளலாம். உன் சொல்லே சிறந்தது என்று நீ நினைத்தால் அப்படியே விட்டுவிடு. பென்சிலில் உள்ள கேள்விக்குறி, அந்த இடத்தில் நான் ஒரு முறை நின்று மறுபடி படிக்க வேண்டியிருந்தது என்பதைக் காட்டும். அது பிழை என்று பொருள் இல்லை. ஆனால் நான் நின்ற இடத்தில் இன்னொருவரும் நிற்பார்.

பச்சை மை முழுவதும் கருத்தையும் அமைப்பையும் பற்றியது. ஒற்றைச் சரிக்குறி என்றால் அந்தக் கருத்து இடத்துக்குப் பொருந்தி வந்திருக்கிறது; இரட்டைச் சரிக்குறி என்றால் அது உனக்கே உரிய நல்ல செய்தி. முதல் பக்கத்தில், மதகு திறக்கும் நாளை வைத்தே உன் தாத்தா நாற்றங்காலுக்கு விதை ஊறவைத்தார் என்று எழுதிய இடத்தில் இரட்டைச் சரிக்குறி இருக்கிறது. ஏரியைப் பற்றி எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காத செய்தி அது. சிலர் இந்தச் சரிக்குறிகளை எண்ணிக் கூட்டி மதிப்பெண்ணைச் சரிபார்க்கிறார்கள். அந்தக் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது, ஏனென்றால் ஒரு சரிக்குறிக்கு இத்தனை மதிப்பெண் என்று நான் வைத்திருக்கவில்லை.

பச்சையில் உள்ள சுருக்கங்களை நான் புதிதாக உண்டாக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் பத்துக் குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவை ஒரு நூலுக்கு ஆகாதவை என்று சொல்லப்பட்டவை. நான்கு பக்கக் கட்டுரைக்கும் அவை அப்படியே பொருந்துவது எனக்கு எப்போதும் வியப்புதான். அவற்றில் ஐந்து உன் தாளில் வந்திருக்கின்றன. இலக்கணத்தை மனப்பாடத்துக்கு மட்டும் படிப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் இரண்டு மதிப்பெண் வினா. உனக்கு அது இப்போது உன் தாளிலேயே எடுத்துக்காட்டுகளோடு இருக்கிறது.

‘கு.கூ’ என்பது குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டிய அளவுக்குக் குறைவாகச் சொல்லுதல். வீராணம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருவதையும், 2004ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்த புதிய வீராணம் திட்டத்தின் குழாய்கள் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் அதைக் கொண்டு செல்வதையும் சொன்னால்தான், உன் ஊர் வயலும் சென்னையின் குழாயும் ஒரே தண்ணீரை எதிர்பார்த்திருப்பது படிப்பவருக்கு விளங்கும். உன் கட்டுரையின் உயிரான இடம் அது. அதனால்தான் அங்கே மட்டும் பச்சையில் இரண்டு முறை கோடிட்டிருக்கிறேன்.

‘கூ.கூ’ என்பது கூறியது கூறல். ஏரி நீர்ப்பாசனத்துக்குப் பயன்படுகிறது என்பதை முதல் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே சொற்களால் எழுதியிருக்கிறாய். ‘மா.கூ’ என்பது மாறுகொளக் கூறல். முதல் பக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஏரி என்று சரியாகவே எழுதினாய். அவனுடைய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரிலிருந்தே ஏரி பெயர் பெற்றதையும் சொன்னாய். மூன்றாம் பக்கத்தில் அதே ஏரி 12ஆம் நூற்றாண்டுக்குப் போய்விட்டது. இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு பக்கங்களிலும் ஒரே எண்ணை வட்டமிட்டுக் காட்டுவேன். உன் தாளில் அந்த எண் 1. வட்டமிட்ட எண்ணைக் கண்டால் அதன் இணையைத் தேடு, இரண்டையும் சேர்த்துப் படி.

‘மற்.விரி’, மற்றொன்று விரித்தல், கோயில் பத்தியில் ஏற்கெனவே பார்த்தோம். ஏரிக்கரையிலிருந்து கோயிலுக்குப் போன நீ பதினொரு வரிகள் திரும்பவே இல்லை. நன்றாக எழுதிய பத்திதான். தனிக் கட்டுரைக்கு எடுத்து வை. ‘செ.தே’ என்பது சென்று தேய்ந்து இறுதல், தொடக்கத்தில் வலுவாகப் போய் முடிவில் மெலிந்துவிடுதல். நான்காம் பக்கத்தின் கடைசி நான்கு வரிகளில் உன் கையெழுத்தும் சேர்ந்து மெலிந்திருப்பதால், மணி அடித்துவிட்டது என்று புரிகிறது. கோயிலுக்குக் கொடுத்த நேரம் இங்கே குறைந்திருக்கிறது. ஆகவே இந்த இரண்டு குறிகளும் உண்மையில் ஒரே குறையின் இரு முனைகள்.

இனி, சிவப்பு. இதில் இருப்பவை மொழிப் பிழைகள். இவற்றில் உன் விருப்பம், என் விருப்பம் என்று எதுவும் இல்லை. ‘எ’ என்பது எழுத்துப் பிழை. ‘ஏரிக்கறை’ என்று எழுதியிருக்கிறாய். வல்லின றகரம் போட்டால் கறை என்பது துணியில் படிவது. ‘ஒ.ப’ என்பது ஒருமை பன்மை மயக்கம். ‘மதகுகள் திறக்கப்பட்டது’ என்று வரக்கூடாது, ‘திறக்கப்பட்டன’ என்று வர வேண்டும். எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் பல சொற்கள் வரும் நீண்ட வாக்கியங்களில்தான் நீ இந்தப் பிழையைச் செய்கிறாய். குறுகிய வாக்கியங்களில் ஒருமுறைகூடச் செய்யவில்லை. ‘வா’ என்றால் வாக்கியம் முடியவில்லை அல்லது எழுவாய் நடுவில் மாறிவிட்டது. கூரைபோன்ற குறி விடுபட்ட சொல்லையும், இரட்டைச் சாய்கோடு புதிய பத்தி தொடங்க வேண்டிய இடத்தையும் காட்டும்.

உன் தாளில் மிகுதியாக இருப்பது ‘ச’, அதாவது சந்தி. ‘ச+’ என்றால் வல்லின ஒற்று மிக வேண்டும். ‘ச–’ என்றால் மிகக்கூடாது. மொத்தம் பதினான்கு இடங்களில் இந்தக் குறி இருப்பதைப் பார்த்துக் கலங்காதே, வகைப்படுத்திப் பார். ஒன்பது இடங்கள் ‘ஏரியை காண’, ‘சென்னைக்கு குடிநீர்’ என்பவை போல இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளுக்குப் பின் ஒற்று விடுபட்டவை. மூன்று இடங்கள் ‘அந்த கரை’ போல அந்த, இந்த என்னும் சுட்டுகளுக்குப் பின் விடுபட்டவை. மீதி இரண்டில் நீ தேவையில்லாமல் ஒற்றுப் போட்டிருக்கிறாய்: ‘வந்தத் தண்ணீர்’, ‘பெரியக் கரை’. பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது. ஆக, நீ படிக்க வேண்டிய விதிகள் மூன்றே. ஒற்று அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கொடுத்தான், ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையிலிருந்த வேலைக் கொடுத்தான்.

சிவப்புக் குறிகள் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதைக் கவனித்திருப்பாய். முதல் இரண்டு பக்கங்களில் பிழையான சொல்லுக்குக் கீழே கோடிட்டு, ஓரத்தில் குறியையும் எழுதியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் கோடு இல்லை, குறி மட்டும் உண்டு. அந்த வரியில் பிழை எங்கே என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். நான்காம் பக்கத்தில் ஓரத்தில் புள்ளி மட்டுமே இருக்கும். ஒரு புள்ளிக்கு ஒரு பிழை. சோம்பலால் இப்படி விட்டேன் என்று எண்ணிவிடாதே. சரியான வடிவத்தை நானே எழுதிக்கொடுத்தால் மாணவர்கள் அதைப் பார்த்து எழுதிவிட்டு, அடுத்த கட்டுரையில் அதே பிழையோடு வருகிறார்கள்.

முகப்பில் வட்டத்துக்குள் உள்ள 12½ என்பது இருபதுக்கு நீ பெற்ற மதிப்பெண். அதற்குக் கீழே வரிசையாக உள்ள 6, 3½, 3 ஆகியவை கருத்துக்கு எட்டுக்கும், அமைப்புக்கு ஆறுக்கும், மொழிக்கு ஆறுக்கும் கிடைத்தவை. ஒரே வகைப் பிழை எத்தனை முறை வந்தாலும் ஒருமுறைதான் மதிப்பெண் குறைப்பேன். ஆகவே ஒன்பது வேற்றுமை ஒற்றுகளுக்காக ஒன்பது முறை நீ இழக்கவில்லை. கருத்தில் ஆறு என்பது நல்ல அளவு. அமைப்பில் இழந்த இரண்டரையில் பெரும்பகுதி கோயில் பத்தியாலும் அவசர முடிவாலும் போனது.

வரும் திங்கட்கிழமைக்குள் இரண்டு வேலைகளைச் செய்து கொண்டு வா. பச்சையில் ‘கு.கூ’ என்று குறித்த பத்தியையும் கடைசிப் பத்தியையும் தனித்தாளில் புதிதாக எழுது. கட்டுரை முழுவதையும் மறுபடி எழுத வேண்டாம். சிவப்புக் குறிகளுக்கு உரிய திருத்தங்களை, கோயில் பத்தியை விட்டுவிட்டு, இதே தாளில் வலப்பக்கத்து வெற்றிடத்தில் கறுப்பு மையால் எழுது. பழைய சொற்களை அழிக்கவோ வெள்ளை மை பூசவோ வேண்டாம், பிழையும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். புள்ளி வைத்த வரிகளில் பிழை கிடைக்கவில்லை என்றால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடு, சேர்ந்து பார்ப்போம்.

இன்னும் ஒரு குறி மீதி இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில், தண்ணீர் குறைந்த ஆண்டில் வயலுக்கா சென்னைக்கா என்று நீ கேட்டுவிட்டு விடை சொல்லாமல் நகர்ந்த இடத்தில், பென்சிலில் ‘பே’ என்று எழுதியிருக்கிறேன். இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று பொருள். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வா. உன் தாத்தா என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
உன் தமிழாசிரியை